எட்டு மணி என்றால் எந்த எட்டு மணி?

மாவட்டத் தலைநகர் ஒன்றில் இருக்கும் தனியார் மருத்துவமனையில் சில வருடம் நிர்வாக அலுவலராக இருந்தேன். ஒருநாள் காலை எட்டரைக்கு மேல், இரண்டாவது மாடி வார்டில் இரவு டியூட்டி முடித்த சிஸ்டர் ஒருவர் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"சார், என் டியூட்டி எட்டு மணியோட முடியுது. ஆனா தினமும் நான் கேட்டைத் தாண்டும்போது எட்டரை ஆயிடுது. காலையில வர்றவங்க வந்து வாங்கிக்கிட்டாத்தானே நான் கிளம்ப முடியும்? இன்னைக்கும் அஞ்சு நிமிஷத்துல பஸ்ஸை விட்டுட்டேன்."

பன்னிரண்டு மணி நேரம் கண் விழித்தவரின் முகத்தைப் பார்த்தபின் எனக்குப் பொறுக்கவில்லை. அன்றே ஒரு சர்க்குலர் அடித்து எல்லா வார்டிலும் ஒட்டச் சொன்னேன். அதில் எழுதியிருந்தது இதுதான்:

"பணியாளர்கள் சிலர் தொடர்ந்து தாமதமாகப் பணிக்கு வருவது நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. இனிமேல் அனைவரும் கண்டிப்பாகக் குறித்த நேரத்தில் பணிக்கு வர வேண்டும். சீருடை விதிகளும் முறையாகப் பின்பற்றப்படவில்லை. மீறுவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும் என எச்சரிக்கப்படுகிறது."

இதில் திட்டு வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் படித்த எல்லோருக்கும் திட்டாகத்தான் கேட்டது. மறுநாள் மூத்த சிஸ்டர் ஒருவர் வந்தார். பதினோரு வருடமாகக் காலை ஏழரைக்கெல்லாம் வார்டில் நிற்பவர். "நான் என்ன சார் தப்பு பண்ணேன்?" என்று கேட்டார். அவரைச் சொல்லவில்லை என்றேன். "அப்ப யாரைச் சொன்னீங்களோ அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். தாமதமாக வந்த மூன்று பேரும் அடுத்த வாரமும் அதே நேரத்துக்குத்தான் வந்தார்கள். சர்க்குலர் வேறு யாருக்கோ என்று மூவருமே நினைத்திருந்தார்கள். குற்றமில்லாதவர் புண்பட்டார், போய்ச் சேர வேண்டியவரை அது சேரவே இல்லை.

அந்தக் காகிதத்தை அதன்பின் நான் பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். கோபம் எந்தச் சொல்லில் உட்கார்ந்திருக்கிறது என்று தேடினேன். முதலில் அந்தச் "சிலர்". இதைப் படித்த உடனே வார்டில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "கவனத்துக்கு வந்துள்ளது" என்றால் யாரோ கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள், அது யார் என்ற ஆராய்ச்சி தொடங்கிவிடும். அந்த இரவு சிஸ்டரோடு இரண்டு பேர் ஒரு வாரம் பேசவில்லை என்று பிறகு தெரிந்தது. "இனிமேல்" என்ற சொல், இதுவரை எல்லோரும் தவறாகத்தான் நடந்தார்கள் என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறது. "கண்டிப்பாக" என்பதற்குள்ளேயே கண்டிப்பு இருக்கிறது. பேச்சில் அதை 'நிச்சயமாக' என்ற பொருளில் சொல்கிறோம், அறிவிப்புப் பலகையில் அதற்குப் பழைய பொருள் திரும்பி வந்துவிடுகிறது. "எச்சரிக்கப்படுகிறது" என்பதில் எச்சரிப்பவர் யார் என்றே இல்லை. ஆள் இல்லாத குரலுக்கு யாரும் பதில் சொல்ல முடியாது, விளக்கம் கேட்கவும் முடியாது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய பிழை ஒன்று எனக்கு மிகத் தாமதமாகத்தான் கண்ணில் பட்டது. நேரம் தவறுவதைப் பற்றிய அந்தச் சர்க்குலரில் நேரமே இல்லை. "குறித்த நேரம்" என்று எழுதியிருந்தேன். யார் குறித்தது, எத்தனை மணி என்று எங்கும் இல்லை.

அதைத் தேடித்தான் வருகைப் பதிவை எடுத்தேன். முந்தைய மாதத்தின் 26 வேலை நாட்கள், காலை ஷிப்டில் ஐந்து பேர். இரண்டு பேர் தினமும் 7.40க்கு முன்பே வந்திருந்தார்கள். இன்னும் இருவர் கிட்டத்தட்ட எல்லா நாளும் 7.56, 7.58 என்று பஞ்ச் செய்திருந்தார்கள். ஒருவர் மட்டும் வாரத்தில் மூன்று நாளாவது 8.10ஐத் தாண்டியிருந்தார். 7.58க்கு வந்தவர்களையும் இரவு சிஸ்டர் 'லேட்' என்றுதான் சொல்லியிருந்தார். அவர்களுடைய பணி நியமனக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். காலை ஷிப்டு 8 மணி முதல் 2 மணி வரை என்று இருந்தது. கடிதத்தின்படி அவர்கள் இரண்டு நிமிடம் முன்னதாகவே வந்திருக்கிறார்கள்.

வார்டு வேலை தெரியாதவர்களுக்கு இது புரிய ஹேண்ட் ஓவர் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். போகிற சிஸ்டர் ஒவ்வொரு படுக்கையாக நின்று, வருகிறவரிடம் நோயாளியை ஒப்படைக்க வேண்டும். இவருக்கு டிரிப் இவ்வளவு மீதி, அவருக்கு அடுத்த ஆன்டிபயாட்டிக் பத்து மணிக்கு, ஏழாம் படுக்கைக்கு இரவு சர்க்கரை இறங்கிப்போய் குளூகோஸ் கொடுத்தோம், பன்னிரண்டாம் படுக்கையில் சிறுநீர் குறைவாக வருகிறது, டாக்டரிடம் சொல்லியாயிற்று. கடைசியாக, பூட்டி வைக்கும் வலி மருந்து ஊசிகளை இருவரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போட்டுச் சாவி கைமாற வேண்டும். எங்கள் வார்டில் இதற்குப் பதினைந்து நிமிடமாவது ஆகும். 7.45க்குத் தொடங்கினால்தான் இரவு சிஸ்டர் 8 மணிக்குப் போக முடியும். 7.58க்குப் பஞ்ச் செய்து, உடை மாற்றி, மாடி ஏறி வருகிறவரோடு தொடங்கினால் எட்டரை ஆகாமல் வேறென்ன ஆகும்?

ஆக, வார்டில் இரண்டு எட்டு மணி இருந்தது. காகிதத்தில் இருந்தது வேலை தொடங்கும் எட்டு. இரவு சிஸ்டரின் மனதில் இருந்தது ஒப்படைத்து முடிக்கும் எட்டு. மூத்தவர்கள் 7.45க்கு வருவது எழுதாத வழக்கம், புதிதாக வந்தவர்களிடம் அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லப்படாத விதியை நினைவூட்ட முடியாது. எவ்வளவு தேன் தடவிச் சொன்னாலும் கேட்பவருக்கு அது அநியாயமாகத்தான் படும்.

இன்னொரு கணக்கும் இருந்தது. தினம் 15 நிமிடம் முன்னதாக வரச் சொன்னால் 26 நாளுக்கு ஆறரை மணி நேரம். ஏறக்குறைய ஒரு முழுக் காலை ஷிப்டு. அதைக் கணக்கில் சேர்க்காமல் "கொஞ்சம் முன்னாடியே வந்துடுங்களேன்" என்று இனிமையாகக் கேட்பதும் சரியில்லை. நிர்வாகத்திடம் இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். எளிதாக ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் ஷிப்டை 7.45 என்று எழுத்தில் மாற்றி, கூடுதல் நேரத்துக்கு ஈடாக மாதம் ஒருநாள் விடுப்பு கொடுப்பது என்று முடிவாயிற்று.

பதிவைப் பார்க்கும்போது கண்ணில் பட்ட வேறொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிலருடைய பெயருக்கு நேரே அடிக்கடி பஞ்ச் விழாமல், கையால் எழுதிய நேரம் இருந்தது. ஓயாமல் கை கழுவுகிறவர்கள், நூறு முறை சானிடைசர் தேய்க்கிறவர்கள். விரல் தோல் காய்ந்து, கைரேகை இயந்திரம் படிக்க மறுக்கிறது. மூன்று நான்கு முறை வைத்துப் பார்ப்பார்கள், பின்னால் வரிசை நிற்கும். ஏழே முக்காலுக்குக் கேட்டில் நுழைந்தவர் இயந்திரத்தின் கணக்கில் 7.51. இயந்திரத்தைத்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. முக அடையாளம் பார்க்கும் கருவி வைத்தபின் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

பிறகுதான் புதிய அறிவிப்பை எழுதினேன். என் பெயரிலேயே, கையெழுத்தோடு.

"வரும் 1ஆம் தேதி முதல் காலை டியூட்டி 7.45க்குத் தொடங்கும். 7.45 முதல் 8 வரை ஹேண்ட் ஓவர். அந்தப் பதினைந்து நிமிடம் காலை சிஸ்டர் வார்டில் இருந்தால்தான் இரவு சிஸ்டர் 8 மணிக்கு வீட்டுக்குக் கிளம்ப முடியும். பஸ் நேரத்தாலோ வீட்டுச் சூழலாலோ 7.45க்கு வர இயலாதவர்கள் 20ஆம் தேதிக்குள் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லுங்கள். ரோஸ்டர் போடும்போது பார்த்துக்கொள்வோம். வழியில் தாமதமானால் 7.30க்குள் வார்டு போனுக்கு ஒரு அழைப்பு போதும்."

பழையதைவிட இது நீளம். ஆனால் படிப்பவர் செய்ய வேண்டியது என்ன, எத்தனை மணிக்கு, எதற்காக, முடியாவிட்டால் யாரிடம் போவது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. "நிர்வாகம் விரும்புகிறது" என்பதற்குப் பதில், காத்திருக்கும் இரவு சிஸ்டர் இருக்கிறார். தான் தாமதிக்கும் நேரம் தன்னோடு வேலை செய்யும் ஒருவருடைய தூக்கத்திலிருந்து போகிறது என்பது தெரிந்தால் பெரும்பாலோருக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. தண்டனையைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம் என்று முடிவு செய்தேன். விதியை அறிவிக்கும்போதே தண்டனையைச் சேர்த்தால், மீறப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்வதாகிவிடுகிறது.

சீருடையை இதில் சேர்க்கவில்லை. ஒரே அறிவிப்பில் இரண்டு குறைகளைச் சேர்த்தால் குறைப் பட்டியல் ஆகிவிடும்.

மூன்று பேரில் பஸ்ஸில் வரும் இருவரும் தாங்களாகவே இன்சார்ஜிடம் போனார்கள். அவர்கள் ஊரிலிருந்து வரும் பஸ் 7.50க்குத்தான் நிலையத்தில் நிற்கிறது, அதற்கு முந்தைய பஸ் 6.55. ஒருவர் முந்தைய பஸ்ஸுக்கு மாறிக்கொண்டார். மற்றவர் மதிய ஷிப்டு கேட்டார். மூன்றாமவர் எதுவும் சொல்லவில்லை. 8.10 தொடர்ந்தது.

இனி இது எல்லோருக்குமான செய்தி இல்லை, ஒருவரோடு பேச வேண்டிய பேச்சு. எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் இதில் கைதேர்ந்தவர். அவர் அந்தப் பெண் மூச்சிரைக்க ஓடிவரும் நேரத்தில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த நேரத்தில் சொல்லும் எதுவும் அடியாகத்தான் விழும், போதாததற்கு நோயாளிகளின் உறவினர்களும் சுற்றி நிற்பார்கள். பதினோரு மணிக்கு, டீ நேரத்தில், துணி அடுக்கும் அறைக்குக் கூப்பிட்டார். என்ன பேசினார் என்று பிறகு கேட்டு எழுதிக்கொண்டேன்.

"உட்காரும்மா. இந்த ரெண்டு வாரத்துல ஆறு நாள் எட்டு மணிக்கு அப்புறம்தான் வந்திருக்கே. அந்த ஆறு நாளும் நைட் சிஸ்டர் எட்டரைக்குத்தான் கிளம்பினாங்க. 7.45க்கு வர உனக்கு எது தடையா இருக்குன்னு சொல்லு, பாக்கலாம்."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. இன்சார்ஜும் பேசவில்லை.

"பாப்பாவோட ஸ்கூல் வேன் ஏழு நாற்பதுக்குத்தான் மேடம் வரும். அவளை ஏத்தி விட வீட்ல வேற ஆளில்ல."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா வேலைய விட்டு எடுத்துடுவாங்களோன்னு பயந்துட்டேன்."

இந்தப் பேச்சில் "ஏன் லேட்டு?" என்ற கேள்வி இல்லை. நம் பேச்சில் 'ஏன்' என்று தொடங்கும் கேள்வி பெரும்பாலும் பதிலை எதிர்பார்ப்பதில்லை. அது பள்ளிக்கூட வாசலிலிருந்தே நமக்குப் பழகிய திட்டு. கேட்பவர் காரணத்தைச் சொல்ல மாட்டார், சாக்கைத்தான் தேடுவார். "எது தடையா இருக்கு" என்று கேட்டால் பதில் சொல்ல இடம் கிடைக்கிறது. "எப்பவும் லேட்டுதான்" என்று சொல்லாமல் "ஆறு நாள்" என்றார். 'எப்பவும்' என்றால் சீக்கிரம் வந்த ஒரு நாளைக் காட்டி மறுக்கலாம். ஆறு என்பது பதிவில் இருக்கிறது, அதில் ஆளின் குணத்தைப் பற்றி எதுவும் இல்லை. இன்னொருவரைக் காட்டி "அவளைப் பாரு" என்றும் சொல்லவில்லை.

நல்ல மனதோடு இருப்பவர்களும் தவறும் இடம் ஒன்று உண்டு. நேராகச் சொல்லச் சங்கடப்பட்டு வேடிக்கையாகச் சொல்வது. "வாங்க மேடம், குட் ஆஃப்டர்நூன்" என்பார்கள். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள், தாமதமாக வந்தவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு அன்று முழுக்க அவரை உறுத்தும். திட்டியிருந்தாலாவது பதில் சொல்லலாம், கேலிக்குப் பதிலே இல்லை. இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் போடும் செய்தியும் இந்த வகைதான். உடனே "ஓகே மேடம்" என்று வரிசையாக விழும். பார்த்தால், ஒழுங்காக வருகிறவர்களே அனுப்பியிருப்பார்கள்.

உடை விஷயம் இதைவிட நுட்பமானது. நேரத்தைப் பற்றிச் சொன்னால் கடிகாரத்தைப் பற்றிச் சொன்னதாகும், உடையைப் பற்றிச் சொன்னால் உடம்பைப் பற்றிச் சொன்னதாக ஆகிவிடக்கூடும். அதனால் எங்கள் வார்டில் பெண்களிடம் இதைப் பேசுவது இன்சார்ஜ் சிஸ்டர் மட்டும்தான், நான் வாய் திறப்பதில்லை. "நீட்டா இல்ல", "டீசன்டா வாங்க" போன்ற சொற்களும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். அவை உடையை அளப்பதில்லை, ஆளைத்தான் அளக்கின்றன. பெயர் அட்டை இடது மார்புப் பக்கம் தெரிய வேண்டும், நகம் விரல் நுனியைத் தாண்டக் கூடாது, முன்மூடிய ஷூ, முழங்கைக்குக் கீழே நகை வேண்டாம். இப்படிக் கண்ணால் பார்த்து உண்டு இல்லை என்று சொல்லக்கூடியவை மட்டுமே எங்கள் விதி.

இதில் வளையல்தான் கடினம். கல்யாணமான பெண்ணிடம் வளையலைக் கழற்று என்று சொல்வது சாதாரணமில்லை, அதற்கு நம்மூரில் வேறு பொருள் இருக்கிறது. இன்சார்ஜ் அதைத் தெரிந்தே பேசினார். மோதிரத்துக்கும் வளையலுக்கும் அடியில் சோப்புத் தண்ணீர் சரியாகப் போவதில்லை, கிருமி அங்கே தங்கி அடுத்த படுக்கைக்குப் போகிறது. கை சுத்தம் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியிலும், நோயாளியைக் கவனிக்கும்போது மோதிரம் போன்றவற்றைத் தவிர்ப்பது நல்லது என்று இருக்கிறது. "வீட்டுக்குப் போறப்ப மறுபடி போட்டுக்கோம்மா. வார்டுக்குள்ள மட்டும் வேண்டாம். ஆபரேஷன் காயத்துக்குக் கட்டுப் போடுற கை இது" என்று சொன்னார். வளையல் வைக்கப் பூட்டோடு ஒரு சிறு டிராயரும் ஏற்பாடு செய்தோம். டிராயர் வருவதற்கு முன்பு காரணம் சொல்லியும் பலர் கழற்றவில்லை. தங்கத்தை எங்கே வைப்பது என்ற கவலை அவர்களுக்கு.

கார்த்திகை மழையில் ஒரு பெண் இரண்டு நாள் கலர் சுடிதாரில் வந்தார். கேட்டபோதுதான் தெரிந்தது, மருத்துவமனை கொடுத்தது இரண்டு செட் சீருடை, இரண்டும் காயவில்லை. அவருக்கு நினைவூட்ட என்ன இருக்கிறது? மூன்றாவது செட்தான் தேவைப்பட்டது.

இவ்வளவுக்கும் பதிலாக அபராதம் போட்டால் போதாதா என்று நிர்வாகக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பல இடங்களில் மூன்று நாள் லேட் என்றால் அரை நாள் சம்பளம் என்ற வழக்கம் இருக்கிறது. சட்டம் அவ்வளவு எளிதாக விடுவதில்லை. 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டமும், அதன் இடத்துக்கு இப்போது வந்திருக்கும் 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. வேலைக்கு வராத நேரத்துக்கு எவ்வளவு சம்பளமோ அவ்வளவுதான் பிடிக்கலாம். பத்துப் பத்து நிமிடமாக மூன்று நாள் என்றால் அரை மணி நேரச் சம்பளம், அரை நாள் சம்பளம் இல்லை. அபராதம் என்றால் அது வேறு. எந்தத் தவறுக்கு அபராதம் என்று அரசு ஒப்புதலோடு முன்பே அறிவித்திருக்க வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், அந்த மாதச் சம்பளத்தில் நூற்றுக்கு 3க்கு மேல் போகக் கூடாது. 15,000 ரூபாய் வாங்குகிறவருக்கு அது 450 ரூபாய். அந்தப் பணமும் ஊழியர்களின் நலனுக்குத்தான் போக வேண்டும், முதலாளியின் கணக்குக்கு இல்லை.

சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் அபராதத்துக்கு இன்னொரு குணம் உண்டு. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துக் குழந்தைகள் காப்பகங்களில் யூரி க்னீசி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தி 2000இல் வெளியிட்டார்கள். மாலையில் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமாக வந்து பிள்ளையை அழைத்துப்போகும் பெற்றோருக்குச் சில காப்பகங்களில் மட்டும் 10 ஷெக்கல் அபராதம் வைத்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரு மடங்காக உயர்ந்தது. அதுவரை காத்திருக்கும் ஆசிரியைக்காக ஓடிவந்தவர்கள், காசு கொடுத்து அந்த நேரத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று எடுத்துக்கொண்டார்கள். அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. இரவு சிஸ்டரின் அரை மணி நேரத்துக்கு விலை வைக்க வேண்டாம் என்று நான் கூட்டத்தில் சொன்னது இதை நினைத்துத்தான்.

எல்லோரும் பேச்சோடு திருந்திவிடுவார்கள் என்று சொல்ல மாட்டேன். வேறு வார்டில் ஒருவரிடம் இரண்டு முறை இப்படிப் பேசியும், ஷிப்டு மாற்றிக் கொடுத்தும் பலனில்லை. மூன்றாவது முறை மெமோ கொடுத்தோம். தேதிகள், பஞ்ச் நேரங்கள், முன்பு பேசிய இரண்டு நாட்கள், பதில் சொல்ல ஏழு நாள் அவகாசம். அதில் பெயரடை ஒன்றும் இல்லை. நினைவூட்டல் முடிந்து நடவடிக்கை தொடங்கியது அவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். கடைசி வரை சிரித்த முகத்தோடு "கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லிக்கொண்டிருந்து, திடீரென்று வேலையை விட்டு எடுப்பதுதான் பெரிய கொடுமை.

பாப்பாவின் அம்மாவுக்கு மதிய ஷிப்டு ஒத்துவரவில்லை, குழந்தை மாலையில் வீட்டுக்கு வந்துவிடும். வெளி நோயாளிப் பிரிவு ஒன்பது மணிக்குத் திறக்கிறது, அங்கே மாற்றினோம். புது அறிவிப்பு ஒட்டி ஒரு மாதம் ஆனபோது நான் காலையில் வருகிறவர்களின் நேரத்தைப் பார்க்கவில்லை. இரவு டியூட்டி முடித்துப் போகிறவர்களின் பஞ்ச் நேரத்தை எடுத்தேன். முதல் வாரம் 8.20, 8.15 என்று இருந்தது. நான்காம் வாரம் 8.05, 8.02, 8.06.